பழைய பிளேஸ்டேஷன், புதிய டிவி, நடுவில் ஒரு சின்னப் பெட்டி

2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்றது. 2012 முடியும்வரை அதன் உற்பத்தி நடந்தது. அதனால்தான் இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் அது பத்திரமாக இருக்கிறது. எடுத்துத் தூசி தட்டி மின்சாரம் கொடுத்தால் பச்சை விளக்கு எரிகிறது. சிக்கல் டிவி பக்கம்தான். அன்றைய டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் இருந்தன. இன்றைய டிவியின் பின்புறத்தில் தட்டையான எச்டிஎம்ஐ துளைகள் மட்டுமே தெரிகின்றன.

திருச்சியில் என் அக்கா வீட்டில் இதே நிலை. ஒல்லியான பிளேஸ்டேஷன் 2, அதோடு வந்த மூன்று வண்ண ஒயர், எதிரில் 43 அங்குல டிவி. கன்வெர்ட்டர் வாங்கப் புறப்பட்ட அக்கா மகனிடம் முதலில் டிவியின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். பல டிவிகளில் மூன்று துளைகளையும் சேர்த்து, இயர்போன் குத்துவது போன்ற ஒரே சிறு துளையாக்கி, பக்கத்தில் ஏவி என்று பொறித்திருப்பார்கள். அதற்கான குட்டை ஒயர் டிவி வாங்கிய அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வேறு சில டிவிகளில் பச்சைத் துளையே மஞ்சள் ஒயருக்கும் பொது. அப்படி ஒன்று இருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம். அக்கா வீட்டு டிவியில் இரண்டும் இல்லை.

கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த விளையாட்டுப் பெட்டி படத்தை எப்படி அனுப்புகிறது என்பது. மஞ்சள் ஒயர் வழியாகப் போவது காம்போசிட். அதில் வெளிச்சம், நிறம் என்ற இரண்டு செய்திகளும் ஒரே கம்பியில் ஒன்றாகக் கலந்து போகின்றன. இந்தியாவில் பழக்கமான பால் முறையில் நிறத்தை 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏற்றி வெளிச்சத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். மறுமுனையில் டிவியோ கன்வெர்ட்டரோ அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே எடுப்பது போன்ற வேலை அது, முழுதாக நடக்காது. நிறம் மாறும் விளிம்புகளில் புள்ளிகள் எறும்பு வரிசை போல ஊர்வதும், நெருக்கமான கோடுகள் உள்ள இடத்தில் வானவில் நிறம் மினுங்குவதும் இப்படிப் பிரிபடாமல் நின்ற மிச்சங்கள். பழைய குழாய் டிவியின் சிறு திரையில் அவை கண்ணில் படவில்லை. 43 அங்குலத்தில் அவைதான் முதலில் தெரிகின்றன.

காம்போனன்ட் ஒயரில் ஐந்து முனைகள் இருக்கும். பச்சையில் வெளிச்சம் போகிறது. நீலத்திலும் சிவப்பிலும் நிறச் செய்தி இரண்டு பங்காகப் போகிறது. மிச்சமுள்ள வெள்ளையும் இன்னொரு சிவப்பும் ஒலிக்கு. எதையும் கலக்காததால் பிரிக்கும் வேலையும் இல்லை. ஒரே பிளேஸ்டேஷன், ஒரே ஆட்டம், ஒயர் மட்டும் வேறு என்றாலே எழுத்தின் ஓரம் சட்டென்று கூர்மையாவதைப் பார்க்கலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கன்வெர்ட்டரும் மஞ்சள் ஒயரில் ஒருமுறை கலந்துவிட்டதை முழுதாக மீட்டுத் தராது. ஆகவே ஒயரை முதலில் முடிவு செய்யுங்கள், பெட்டியைப் பிறகு தேடுங்கள். பிளேஸ்டேஷன் 2-க்கென்று காம்போனன்ட் ஒயர் இப்போது எளிதில் கிடைக்காமல் போகலாம். பிளேஸ்டேஷன் 3-க்கான காம்போனன்ட் ஒயரைக் கேளுங்கள். இரண்டிலும் பின்புறத் துளை ஒன்றேதான், அது அப்படியே பொருந்தும்.

இரண்டாவது செய்தி, படம் பாதிபாதியாக வருவது. பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் அனுப்புவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த நொடித்துளியில் இரட்டைப்படை வரிகள் என்று மாற்றி மாற்றி அனுப்புகின்றன. இந்தியாவுக்கு வந்த பால் வகைப் பெட்டியில் மொத்தம் 576 வரிகள், நொடிக்கு 50 அரைப்படங்கள். அமெரிக்க, ஜப்பானிய வகையில் 480 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள். டிவியின் மூலையில் 576i, 480i என்று காட்டுவது இவற்றைத்தான். குழாய் டிவி அந்தப் பாதிகளை வந்தபடியே வரைந்தது. தட்டைத் திரை எப்போதும் முழுப் படத்தைத்தான் காட்டும் என்பதால் யாராவது இரண்டு பாதிகளையும் பின்னிச் சேர்த்தாக வேண்டும். அந்த வேலையைக் கன்வெர்ட்டர் செய்கிறதா, டிவி செய்கிறதா என்பதைப் பொறுத்தே படம் நன்றாக அமைவதும் கெடுவதும்.

கடைகளில் முதலில் கைக்கு வருவது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி டு எச்டிஎம்ஐ பெட்டி. ஒரு பக்கம் மூன்று வண்ணத் துளைகள், மறுபக்கம் எச்டிஎம்ஐ துளை, 5 வோல்ட் மின்சாரத்துக்கு ஒரு சிறு துளை, 720, 1080 என்று எழுதிய தள்ளுவிசை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நான் நின்றிருந்தபோது ஒரு கல்லூரிப் பையன் வந்தான்.

"அண்ணா, எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் ஒண்ணு குடுங்க."

"எதுலேர்ந்து எதுக்குப் போகணும் தம்பி?"

அந்தக் கேள்வியைக் கேட்ட கடைக்காரர் விவரமானவர். எச்டிஎம்ஐயைப் பழைய மூன்று வண்ண ஒயருக்கு மாற்றும் பெட்டியும் இதே அளவில், இதே நிறத்தில், இதே விலையில்தான் வரும். புதிய செட்டாப் பாக்ஸைப் பழைய டிவியில் மாட்ட அது உதவும், நமக்கு உதவாது. நம் பெட்டியில் வண்ணத் துளைகளின் பக்கம் இன்புட் என்றும், எச்டிஎம்ஐ பக்கம் அவுட்புட் என்றும் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு முனையில் மூன்று வண்ண முனைகளும் மறுமுனையில் எச்டிஎம்ஐயும் கொண்ட வெறும் ஒயர் ஒன்று விற்கிறார்கள். அலையாக வரும் செய்தியை எண்களாக மாற்ற ஒரு சில்லு வேண்டும், சில்லுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் கேட்காத அந்த ஒயரால் பிளேஸ்டேஷன் படத்தை டிவிக்குக் கொண்டுவர முடியாது.

அக்கா வீட்டில் முதலில் இந்த மலிவுப் பெட்டியைத்தான் மாட்டினோம். மூன்று வண்ணங்களையும் அதனதன் துளையில் செருகி, டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுத்து, டிவியில் அந்த எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் படம் வந்தது. ஒலியும் வந்தது. ஆனால் கார் பந்தயத்தில் சாலையோர மரங்கள் நகரும்போது சீராக ஓடாமல் தத்தித் தத்தி ஓடின. மனிதர்கள் குட்டையாகவும் அகலமாகவும் தெரிந்தார்கள். பொத்தானை அழுத்தியபின் கார் திரும்பச் சற்றே நேரம் பிடித்தது.

மூன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள். தத்தல், எண்ணிக்கை பொருந்தாததால் வருவது. நம் பெட்டி நொடிக்கு 50 அரைப்படங்கள் அனுப்புகிறது. மலிவுக் கன்வெர்ட்டர்களில் பல, உள்ளே என்ன வந்தாலும் வெளியே நொடிக்கு 60 படங்கள் என்றே அனுப்பும். ஐம்பதை அறுபதாக்க ஐந்துக்கு ஒரு படத்தை அது இருமுறை காட்டுகிறது. நிதானமாக நகரும் காட்சியில் அந்த இரட்டிப்புதான் தத்தலாகத் தெரிகிறது. பால் வகை ஆட்டங்களில் பல, தொடங்கும்போது 50Hz, 60Hz என்று கேட்கும். 60Hz என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தத்தல் போய்விடும். அக்கா மகனின் கார் ஆட்டத்தில் அந்தத் தேர்வு இல்லை.

குட்டை மனிதர்கள் விஷயம் எளிது. பழைய படம் நான்குக்கு மூன்று என்ற வடிவம், டிவி பதினாறுக்கு ஒன்பது. கன்வெர்ட்டர் அகலத்தை இழுத்து நிரப்பிவிடுகிறது. டிவியின் பட அளவுப் பகுதியில் 4:3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 1080 வரிகளோடு வரும் படத்துக்கு அந்தத் தேர்வையே தராத டிவிகளும் உண்டு. அப்போது 720 பக்கம் தள்ளிப் பார்க்கலாம். அதிலும் இல்லையென்றால், ஆட்டத்துக்குள்ளேயே அகலத்திரை தேர்வு உள்ளதா என்று பார்ப்பதே மிச்சம்.

தாமதம் இரண்டு இடங்களில் சேர்கிறது. கன்வெர்ட்டர் அரைப்படங்களைச் சேர்த்துப் பெரிதாக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று, டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் இன்னொன்று. டிவியின் கேம் மோடைப் போட்டால் இரண்டாவது வெகுவாகக் குறையும். முதலாவதைக் குறைக்க வழி இல்லை. அந்தப் பெட்டியின் பெரிய குறையும் இங்கேதான். மலிவுச் சில்லில் பின்னும் வேலை சுமாராகவே நடக்கிறது. வேகமாக நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். பிறகு அதை 1080 வரிகளாக ஊதிப் பெருக்கி டிவிக்கு அனுப்பிவிடுகிறது. டிவிக்கு அது முழுமையான 1080 வரிப் படமாகவே தெரிகிறது. உள்ளே பாதிகள் தவறாகப் பின்னப்பட்டிருப்பது டிவிக்குத் தெரியவே தெரியாது, திருத்தவும் முடியாது. பெட்டியில் 1080 என்று எழுதியிருப்பதை நல்ல படத்துக்கான உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எனவே அடுத்த வாரம் வழியை மாற்றினோம். காம்போனன்ட் ஒயர் ஒன்றும், காம்போனன்டை எச்டிஎம்ஐயாக்கும் ஐந்து துளைப் பெட்டி ஒன்றும் வாங்கினோம். இவ்வகை எளிய பெட்டிகளில் பெரும்பாலானவை படத்தைப் பெரிதாக்குவதில்லை. வந்த 576i படத்தை எண்களாக மட்டும் மாற்றி அப்படியே அனுப்பிவிடுகின்றன. பின்னுவதும் பெரிதாக்குவதும் டிவியின் பொறுப்பு. சுமாரான டிவியில்கூட அந்த வேலைக்கு மலிவுப் பெட்டியில் இருப்பதைவிடத் தேர்ந்த சில்லு இருக்கிறது. இந்தியாவில் விற்கும் டிவிகள் 50Hz படத்தை 50Hz ஆகவே ஏற்கும் என்பதால் தத்தலும் போகும். டிவிக்குத் தான் பெறுவது பழைய வடிவப் படம் என்பது தெரிவதால் 4:3 தேர்வும் பெரும்பாலும் கிடைக்கும். பிளேஸ்டேஷனின் பின்புறத்தில் நேரே செருகும் விரல் அளவுப் பெட்டிகளும் உண்டு. அவையும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தனியாக ஒயர் வேண்டாம் என்பதே வேறுபாடு.

ஒயரை மாற்றும் முன் செய்தே ஆக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. பலர் இங்கே தடுக்கி, வாங்கிய பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிளேஸ்டேஷன் 2-இன் பின்புறத் துளையில் அதே ஊசிகள் வழியே இரண்டு விதமான நிறச் செய்திகளை அனுப்பலாம். எதை அனுப்புவது என்பது உள் அமைப்பில் இருக்கிறது. மஞ்சள் ஒயர் மாட்டியிருக்கும்போதே, வட்டு எதுவும் போடாமல் பெட்டியை இயக்குங்கள். வரும் பட்டியலில் System Configuration என்பதற்குள் போனால் Component Video Out என்ற வரி இருக்கும். அது RGB என்றிருந்தால் Y Cb/Pb Cr/Pr என்று மாற்றுங்கள். பிறகு பெட்டியை அணைத்துவிட்டுக் காம்போனன்ட் ஒயரை மாட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் படம் நிலைகொள்ளாமல் போகலாம், அல்லது நிறங்கள் தாறுமாறாக வரும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பட்டியலைப் படித்து மாற்றுவது பெரும்பாடு.

அக்கா மகன் மாற்றிவிட்டான். ஆனாலும் முதல் முறை முகங்களில் ஒரு பக்கம் நிறம் சாய்ந்து நின்றது, வலப்பக்க ஒலி வரவில்லை. இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். ஒயரில் இரண்டு சிவப்பு முனைகள் இருக்கின்றன அல்லவா, அவை இடம் மாறியிருக்கின்றன. ஒலி ஒயரில் வெள்ளையும் சிவப்பும் பெரும்பாலும் இணைந்தே வரும். வெள்ளையோடு ஒட்டியிருக்கும் சிவப்பு ஒலிக்கு, பச்சை நீலத்தோடு ஒட்டியிருப்பது படத்துக்கு. மாற்றிச் செருகியதும் சரியாயிற்று.

மற்றக் கோளாறுகளையும் இப்படிப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். படம் தெளிவாக, ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தால், பச்சை ஒயரை மஞ்சள் துளையிலோ மஞ்சள் ஒயரைப் பச்சைத் துளையிலோ செருகியிருக்கிறீர்கள் என்று முதலில் நினையுங்கள். வெளிச்சச் செய்தி மட்டும் போய்ச் சேர்கிறது, நிறம் சேரவில்லை. படமே வராதபோது டிவி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். No Signal என்று சொன்னால் கன்வெர்ட்டரிலிருந்து எதுவுமே வரவில்லை. மின்சாரம், எச்டிஎம்ஐ ஒயர், டிவியில் தேர்ந்தெடுத்த எண் இவற்றைப் பாருங்கள். வெறும் நீலத் திரையோ கறுப்புத் திரையோ வந்து, மூலையில் 1080p என்பது போல ஏதாவது எண் தெரிந்தால், கன்வெர்ட்டரும் டிவியும் பேசிக்கொள்கின்றன, பிளேஸ்டேஷன் பக்கம்தான் தடை. பெட்டி இயங்குகிறதா, பின்புற முனை ஆழமாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். படம் அடிக்கடி மறைந்து மறைந்து வந்தால் டிவியின் யுஎஸ்பி மின்சாரம் போதாமல் இருக்கலாம். ஒரு கைப்பேசிச் சார்ஜரிலிருந்து கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தாமதம் குறைந்ததா என்பதைக் கையின் உணர்ச்சிக்கு விட வேண்டாம், அளந்தே பார்க்கலாம். பல கைப்பேசிகளில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானும் டிவித் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி கைப்பேசியை நிறுத்தி, ஆட்டத்தில் ஆள் குதிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு காணொளியைப் படம் படமாக நகர்த்தி, விரல் அழுத்திய கணத்திலிருந்து ஆள் அசையும் கணம்வரை எண்ணுங்கள். ஒரு படம் என்பது நொடியில் 240-இல் ஒரு பங்கு, அதாவது நான்கு மில்லி நொடிக்குச் சற்று அதிகம். ஆட்டத்துக்கே சொந்தமான தாமதமும் இதில் சேர்ந்திருக்கும் என்பதால் மொத்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே ஆட்டத்தில் அதே பொத்தானை, கேம் மோட் போட்டும் போடாமலும், இந்தப் பெட்டியிலும் அந்தப் பெட்டியிலும் சில முறை எடுத்துப் பாருங்கள். அவற்றுக்கு இடையிலான வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது.

இந்தக் காம்போனன்ட் வழிக்கும் எல்லைகள் உண்டு. டிவிக்குப் பதிலாகக் கணினித் திரையில் இணைத்தால் படம் வராமல் போகலாம். பாதிபாதியாக வரும் படத்தை ஏற்காத கணினித் திரைகள் பல இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 2-இல் போடும் முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளும் தொல்லை தரும். அவற்றில் பல, 240 வரிகளை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரையும்படி செய்தவை. டிவிகள் அதை அடையாளம் காணாமல், பாதிப்படம் என்று நினைத்துப் பின்னப் பார்க்கும், படம் துடிக்கும். சில டிவிகள் ஏற்காமலே விட்டுவிடும். அந்த வட்டுகளுக்கு மட்டும் பழைய மஞ்சள் ஒயரையும் மலிவுப் பெட்டியையும் பயன்படுத்திப் பார்க்கலாம். தெளிவு குறைந்தாலும் படம் வர வாய்ப்பு அதிகம்.

பழைய ஆட்டங்களுக்கென்றே செய்த கருவிகளும் இருக்கின்றன. ரெட்ரோடிங்க் வரிசையும், ஓஎஸ்எஸ்சி எனப்படும் திறந்த வடிவமைப்புக் கருவியும் அவற்றில் பெயர் பெற்றவை. 240 வரிப் படத்தை அவை சரியாக அடையாளம் காணும். தாமதத்தையும் மிகக் குறைவாகவே சேர்க்கும். விலை மலிவுப் பெட்டியைப் போலப் பல மடங்கு. பிளேஸ்டேஷன் 2 மட்டும் வைத்திருப்பவருக்கு, அதிலும் கேம் மோட் உள்ள டிவி இருப்பவருக்கு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் பிளேஸ்டேஷன், செகா, நிண்டெண்டோ என்று 240 வரிப் பெட்டிகள் பல வைத்திருப்பவருக்கே அந்தச் செலவு நியாயம்.

எந்தக் கன்வெர்ட்டராலும் ஆகாதது ஒன்று உண்டு. டைம் கிரைசிஸ் 2 போன்ற ஆட்டங்களோடு வந்த ஜி-கான் 2 துப்பாக்கி, குழாய் டிவியில் மின்கற்றை வரிவரியாகத் திரையை வரைந்து செல்வதைக் கண்ணால் பிடித்து, அந்த நேரத்தை வைத்தே குறி எங்கே என்று கணக்கிடுகிறது. அதற்காகவே மஞ்சள் ஒயரின் நடுவில் செருக அதற்குத் தனி முனை இருக்கும். தட்டைத் திரையில் அந்தக் கற்றையே இல்லை. அதை வைத்து விளையாட விரும்புகிறவர்கள் கன்வெர்ட்டருக்குச் செலவழிக்காமல், பழைய குழாய் டிவி ஒன்றைத் தேடிப் பிடிப்பதே சரி.